முகத்தைக் கழித்தால் மிச்சம்

காலடிப்பேட்டையில் நாங்கள் இருந்த தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நினைவில்லை. நான் "செவத்த பொண்ணு". என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா "படிக்கிற பொண்ணு". ஒரே வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தால் அடையாளத்துக்கு ஏதாவது வேண்டுமே, அதற்காக வைத்ததுதான். ஆனால் வைத்தவர்கள் மறந்துபோன பிறகும் அந்தப் பெயர்கள் எங்களோடு இருந்தன.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆயா எங்களைத் திருவொற்றியூர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அன்றைக்கு ஒரே நாளில் மூன்று அம்மன்களைப் பார்ப்பது வழக்கம். காலையில் மேலூரில் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். ஆயாவுக்கு முட்டி வலி. "நடுவுல கீறவளப் பாத்தா மூணு பேரையும் பாத்த மாதிரிதான்" என்று அவளே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். தேரடியில் பூ விற்கும் அம்மா என்னைப் பார்த்தால் விடாது. "இன்னா ஆயா, வடிவுடையம்மா உள்ள கீறாங்களா, இல்ல உன் கையப் புடிச்சினு வர்றாங்களா?" என்று கேட்டு, அளந்த முழத்துக்கு மேல் ஒரு துண்டு பூவைக் கிள்ளி என் தலையில் வைக்கும். அக்கா பக்கத்தில்தான் நிற்பாள். அந்தத் துண்டுப் பூவில் பாதியை அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது எனக்கு வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வந்தது என்றுதான் சொல்ல முடிகிறது, நான் சம்பாதித்தது என்று சொல்ல முடியவில்லை. கோலத்தைப் பாராட்டினால் அடுத்த நாள் இன்னும் பெரிய கோலம் போடலாம். கணக்கைப் பாராட்டினால் அடுத்த கணக்கைப் போடலாம். மூக்கைப் பாராட்டினால் குழந்தை என்ன செய்யும்? ஒன்றும் செய்ய முடியாது. வெயிலில் நிற்காமல் இருக்கலாம். என் பிள்ளைப்பருவத்தில் பாதி அப்படித்தான் போனது. தெருப் பெண்கள் மத்தியானம் பாண்டி ஆடுவார்கள், "கறுத்துடுவ" என்று அம்மா என்னை நடையில் உட்கார வைப்பாள். அக்காவுக்கு அந்தத் தடை கிடையாது. அவள் இரண்டு மணி வெயிலில் ஆடிவிட்டு வந்து, தண்ணீர் குடித்து, பாடம் படிக்க உட்கார்வாள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் இன்றைக்கும் அவள் நம்பமாட்டாள்.

பள்ளியிலும் அப்படியே. ஆண்டு விழா என்றால் வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர் சொம்போடு நிற்பது நான். மேடையில் பேசுவது வேறு யாராவது. எட்டாம் வகுப்பில் அடம்பிடித்துப் பேச்சுப் போட்டியில் சேர்ந்தேன். வேலு நாச்சியார் பற்றி நானே எழுதி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கூட்டமாக வைத்து ஒரு வாரம் பேசிப் பழகினேன். இரண்டாம் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை வந்திருந்தாள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இந்த மூஞ்சிய மேடையில பாத்தா குடுக்காம இன்னா பண்ணுவாங்க?"

அதில் கெட்ட எண்ணமே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது பாராட்டின் மேல் இன்னொரு பாராட்டு. ஆனால் அன்று ராத்திரி எனக்குள் ஒரு கழித்தல் கணக்கு தொடங்கியது. இரண்டாம் பரிசு, அதில் முகத்துக்கு எவ்வளவு? அதைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சம் ஆறுதல் பரிசாவது பெறுமா? விடை தெரிய வழியே இல்லாத கணக்கு. அதனால்தான் அதை முப்பது வயதைத் தாண்டியும் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாரம் அழகாக இருப்பதால் வருவதல்ல. அழகாக இருப்பதில் லாபம் அதிகம், அதை மறைத்துவிட்டுப் புலம்பினால் அது பொய். ரேஷன் கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி டோக்கன் வரிசையில் எனக்குக் கிடைத்த சின்னச் சின்னச் சலுகைகளை எண்ணி முடியாது. அழகான முகத்தைப் பார்த்தவுடன் உள்ளே குணமும் திறமையும் இருக்கும் என்று மனிதர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1972-லேயே புகைப்படங்களைக் காட்டி நிரூபித்திருக்கிறார்கள். பாரம் வேறிடத்தில் இருக்கிறது. வருகிற எல்லாப் பாராட்டும் ஒரே வாசல் வழியாக வந்தால், எது முகத்துக்கு, எது வேலைக்கு என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. தன்னைப் பற்றி மற்றவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் அப்படிப்பட்டவளுக்கு வந்து சேர்வதே இல்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது கணக்கு டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். விடைத்தாளில் உங்கள் பதிவெண்ணை எடுத்துவிட்டு டம்மி நம்பர் போடுவார்கள், திருத்துகிறவருக்கு அது யாருடைய தாள், எந்தப் பள்ளி என்று தெரியாது, அதனால் கையெழுத்து சுத்தமாக இருக்கட்டும் என்றார். வகுப்பில் மற்றவர்களுக்கு அது கையெழுத்தைப் பற்றிய எச்சரிக்கை. எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. என்னைப் பார்க்காத ஒருவர் என்னைத் திருத்தப் போகிறார்! கணக்கில் 96 வந்தது. அக்கா அதே தேர்வில் வாங்கியது 99, ஆகையால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நான் மட்டும் அந்த மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். எதற்கென்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் பி.காம். முடித்து, மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் சேர்ந்தேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு இறக்குமதியாளர் சார்பில் பில் ஆஃப் என்ட்ரி என்ற சரக்கு விவரப் பத்திரம் போட்டு, தீர்வை கட்டி, கண்டெய்னரை வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. சுங்கத் துறை நடத்தும் தேர்வெழுதி ஜி கார்டும் வாங்கினேன். அது இருந்தால்தான் சுங்க அலுவலகத்தில் ஏஜெண்ட் சார்பில் கையெழுத்துப் போட்டு வேலை பார்க்க முடியும். எங்கள் வரிசையில் பெண்கள் குறைவு. அழகான பெண் என்றால் கேட்கவே வேண்டாம், முதலாளி ராஜாஜி சாலை சுங்க இல்லத்துக்கு என்னைத்தான் அனுப்புவார். "நீ போனா பைல் நகரும்மா" என்பார் வாத்சல்யமாக.

பைல் நகரத்தான் செய்தது. ஒரு பொருளுக்குச் சுங்கத் தீர்வை அட்டவணையில் சரியான தலைப்பு எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையின் உயிர். எண் மாறினால் தீர்வை மாறும், சரக்கு நிற்கும், கண்டெய்னருக்கு நாள் வாடகை ஏறும். முந்தின நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த எண்ணுக்கான காரணங்களை எழுதிக்கொண்டு போயிருப்பேன். அதிகாரி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஒப்புக்கொள்வார். அலுவலகத்துக்குத் திரும்பினால் பையன்கள், "அக்கா சிரிச்சுட்டு வந்துட்டாங்க, வேலை முடிஞ்சுது" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் என் காரணங்களைப் படித்தாரா, என்னைப் பார்த்தாரா? ஒருநாள் வேண்டுமென்றே எண்ணெய் வழியும் தலையும் பழைய சுடிதாருமாகப் போனேன். அன்றும் பைல் நகர்ந்தது. அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை. எண்ணெய் வழிந்தாலும் முகம் அதேதானே என்று மனது சொன்னது. சந்தேகத்துக்கு எதைக் கொடுத்தாலும் தின்றுவிடும்.

இது என்னைக் கடுமையாக உழைக்க வைத்தது என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. தெரிந்ததை மட்டும் செய்தேன். தோற்க வாய்ப்புள்ள பக்கம் போகவே இல்லை. சொந்தமாக லைசென்ஸ் எடுக்க ஒரு தேர்வு இருக்கிறது, எழுதித் தேறினால் எஃப் கார்டு. ஜி கார்டும் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு மூன்று முறை தோற்று, கடைசியில் தேறி, தனி அலுவலகம் போட்டார்கள். நான் பதினோரு வருடம் விண்ணப்பமே போடவில்லை. முகத்துக்குக் கிடைத்ததை எல்லாம் கழித்தபின் மிச்சம் பூஜ்யம் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது? தோற்றவர்கள் ஒரு தேர்வில்தான் தோற்றார்கள். நான் தோற்றிருந்தால் அத்தை சொன்னது சரியாகிப் போயிருக்கும்.

நாத்தனார் மகள் உளவியல் படிக்கிறாள். இதையெல்லாம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உளறிக்கொட்டியபோது, "அத்தே, இதுக்கு ஒரு பரிசோதனையே இருக்கு" என்றாள். 1984-இல் பிரெண்டா மேஜர் என்பவரும் அவரோடு இரண்டு ஆய்வாளர்களும் செய்தது. அழகானவர்கள் என்றும் அப்படி இல்லை என்றும் தாங்களே கருதிக்கொண்ட மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எதிர்ப்பாலைச் சேர்ந்த ஒருவர் அதை மதிப்பிடுவார் என்றார்கள். பாதிப் பேரிடம் அவர் உங்களைப் பார்க்க முடியும் என்றும், மீதிப் பேரிடம் பார்க்க முடியாது என்றும் சொன்னார்கள். கட்டுரை எப்படி இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நல்ல பாராட்டு. அப்புறம், இந்தப் பாராட்டு எதற்காக வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பிய அழகானவர்கள், பாராட்டு கட்டுரையின் தரத்துக்காக வந்தது என்று அவ்வளவாக நம்பவில்லை. பார்க்கவில்லை என்று நினைத்த அழகானவர்கள் நம்பினார்கள். அழகில்லாதவர்களிடம் இது தலைகீழ். பார்த்த பிறகும் பாராட்டினார் என்றால் கட்டுரை நிஜமாகவே நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கையில் பாயசக் கிண்ணத்தோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் டிரங்குப் பெட்டியில் இருந்த ஜெராக்ஸ் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. இது ஒருநாள் பரிசோதனைதான், கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது, அதிலிருந்து ஒரு வாழ்க்கையையே படித்துவிட முடியாது என்று அவளே எச்சரித்தாள். சரிதான். இருந்தாலும் என் கழித்தல் கணக்கை யாரோ ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது.

அப்புறம் 2020. ஜூன் 8 முதல் சுங்கத் துறை ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. முதலில் பெங்களூருவிலும் சென்னையிலும், அதுவும் தீர்வை அட்டவணையின் 84, 85 ஆம் அத்தியாயங்களில் வரும் இயந்திரங்களுக்கும் மின்சாதனங்களுக்கும் மட்டும். அக்டோபர் கடைசியில் நாடு முழுக்க. சென்னையில் போடும் பில்லை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி கணினியில் மதிப்பிடுவார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது, நம் முகம் அவருக்குத் தெரியாது. கேள்வி இருந்தால் திரையில் வரும், பதிலும் திரையில்தான். இந்த முறைக்குச் சுங்கத் துறை வைத்த பெயர் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட், முகமில்லா மதிப்பீடு. சுற்றறிக்கையை முதலாளி சத்தமாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் மாஸ்க் போட்டிருந்த காலம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. "இனிமே நீ போயி பிரயோஜனம் இல்ல" என்றார் அவர் கவலையாக.

ஜூலையில் ஒரு பில். பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்கான உதிரிகள், அதில் நாற்பது சொலனாய்டு வால்வுகள். வால்வை நான் 8481-இல் காட்டியிருந்தேன். திரையில் கேள்வி வந்தது. இவை பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்காகவே செய்யப்பட்டவை என்று இன்வாய்ஸே சொல்கிறது, ஆகவே அந்த இயந்திரத்தின் பாகங்களாக 8422-இன் கீழ் ஏன் காட்டவில்லை? நியாயமான கேள்வி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. ஒரு பொருள் எந்த இயந்திரத்துக்குள் போகிறதோ அதன் பாகம்தானே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் தீர்வை அட்டவணையின் பதினாறாம் பிரிவில் இரண்டாவது குறிப்பு இருக்கிறது. ஒரு பாகத்துக்கு 84 அல்லது 85 ஆம் அத்தியாயத்தில் தனியாகத் தலைப்பு இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அது எந்த இயந்திரத்துக்குப் போனாலும் தன் தலைப்பிலேயே நிற்க வேண்டும். அப்படித் தனித் தலைப்பு இல்லாதவற்றுக்குத்தான் இயந்திரத்தோடு சேர்க்கிற விதி. வால்வுக்கு 8481 என்று தன் பெயரிலேயே தலைப்பு இருக்கிறது. அதை எழுதி, கேட்லாக்கில் வால்வின் குறுக்குவெட்டுப் படம் இருந்த பக்கத்தைப் பதிவேற்றினேன். மொத்தம் ஒன்பது வரி. "மதிப்பிற்குரிய ஐயா" என்றுகூட எழுதவில்லை, ஐயாவா அம்மாவா என்று தெரியாதே.

மறுநாள் மத்தியானம் பில் நான் காட்டிய எண்ணிலேயே மதிப்பிடப்பட்டு வந்திருந்தது. "நன்று" என்றோ "ஒப்புக்கொள்கிறோம்" என்றோ ஒரு வார்த்தை கிடையாது. நான் அந்தத் திரையை மூன்று முறை மூடித் திறந்து பார்த்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடக்க, வீட்டுக்குப் போகிற திருப்பத்தைத் தாண்டி டோல்கேட் வரைக்கும் போய்விட்டேன்.

அந்த வருடங்களில்தான் மங்கும் விழுந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோதே கன்னத்தில் லேசாகத் தொடங்கியது, பிறகு இரண்டு பக்கமும், மேல் உதட்டிலும் பழுப்புத் திட்டுகளாகப் படர்ந்தது. கர்ப்பத்தில் ஹார்மோன் மாற்றத்தால் வருவது, வெயில் பட்டால் கூடும், முழுதாகப் போவது கஷ்டம், போனாலும் திரும்ப வரும் என்று தோல் டாக்டர் சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் யாரோ கொடுத்த ஒரு கிரீமை அம்மா வாங்கிவந்தாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு கலந்தது, தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும் என்று குப்பையில் போடச் சொன்னார். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஏதோ கடன் கொடுத்த நகை உரசித் திரும்பி வந்த மாதிரி பார்ப்பாள். "எப்டி இருந்த பொண்ணு" என்பாள். இருந்த பொண்ணு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கடைக்காரர் "சொல்லுங்கம்மா" என்பதில் ஒரு சூடு குறைந்திருப்பதைக் காது உடனே பிடித்துக்கொள்கிறது. திட்டிக்கொண்டே வாங்கிய சம்பளம் நின்றுபோனது போல இருந்தது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னது போன வருடம்தான். அவள் இப்போது அரசுப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறாள். பொறுமையாகக் கேட்டாள். ஆராய்ச்சி கதையையும் சொன்னேன். "அந்த இன்னொரு பாதி சரியாத்தான் இருக்கு" என்றாள். "எவனாவது நல்லா இருக்குன்னு சொன்னா நான் அப்டியே நம்பிடுவேன். என் மூஞ்சிக்காகச் சொல்ல அவனுக்கு என்ன வந்தது?" சிரித்தாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள், "என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீ எங்க இருந்த, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. மாடி வீட்டு அத்தை வீட்டில். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் காபி கொண்டுவந்த என்னைப் பார்த்துவிட்டு, சின்னவளைக் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு முறை யாராவது வரும்போதும் என்னை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு முறை. எனக்கு அது விளையாட்டாக இருந்தது, அத்தை வீட்டில் கேபிள் டிவி உண்டு. கீழே பாயில் உட்கார்ந்திருந்தவளுக்கு, தங்கையை ஒளித்து வைத்தால்தான் தன்னைப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வயதில். என் கணக்கில் நான் அவளை ஒருமுறைகூடச் சேர்த்ததில்லை.

"சாரி அக்கா" என்றேன். "நீ இன்னாடி பண்ணுவ, போ" என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவளே, "அந்தப் பரீட்சைக்கு எப்பக் கட்டப்போற?" என்றாள்.

கட்டிவிட்டேன். எழுத்துத் தேர்வு கணினியில். தேறினால் வாய்மொழித் தேர்வு உண்டு, அங்கே எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், முகம் தெரியும். என்ன புடவை கட்டுவது என்று அக்காவிடம் இப்போதே கேட்டேன். முதலில் எழுத்துத் தேர்வைத் தேறு என்றாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனில் கூப்பிட்டு, என் புத்தகத்தின் இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள். நேற்று 1962 சுங்கச் சட்டம்.

"பிரிவு 17, துணைப்பிரிவு ஒண்ணு?"

"இறக்குமதி செய்யறவங்க தங்களோட தீர்வையைத் தாங்களே மதிப்பிட்டுக்கணும். ஏற்றுமதிக்கும் அதே. பிரிவு 85-ல சொன்னது மட்டும் விலக்கு."

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி. அடுத்தது."